ஒரு மாத முன்னறிவித்தல்: யார், எப்போது, எதற்காக?

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்திலிருந்து சுன்னாகம் நோக்கிப் போகும்போது உடுவில் பிரதேசத்தின் வேலைச் சந்தை வீதியின் இரு பக்கமும் தெரியும். இரும்புக் கடை, மருந்தகம், நகைக்கடை, தனியார் மருத்துவ நிலையம், தனியார் கல்வி நிலையம், குத்தகை நிதி நிறுவனக் கிளை. இங்கிருந்து யாழ்ப்பாண நகரத்து மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்வருகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த இடங்களில் வேலைக்குச் சேர்பவருக்குக் கிடைக்கும் நியமனக் கடிதம் சில இடங்களில் ஒரு பக்கத் தமிழ்க் கடிதமாகவும், சில இடங்களில் பல பக்க ஆங்கில ஒப்பந்தமாகவும் இருக்கும். நாற்பது, ஐம்பது கடிதங்களைச் சேர்த்து, தகுதிகாண் காலம் எவ்வளவு, முன்னறிவித்தல் எவ்வளவு, வேலையை எப்படி முடிக்கலாம் என்ற மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொழிற்சங்கத்துக்கும் சட்ட உதவி நிலையத்துக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் இது வேண்டியிருக்கிறது.

சில நிரல் கீறி நிரப்பிவிடலாம் என்றுதான் எவரும் தொடங்குவார். அப்படி நிரப்பிய அட்டவணை ஏன் பொய் சொல்கிறது என்பதைப் பார்ப்பதற்கு மூன்று கடிதங்கள் போதும். இவை எவருடைய கடிதங்களும் அல்ல. இத்தகைய கடிதங்களில் வழமையாக வரும் வாசகங்களைக் கொண்டு இந்த அத்தியாயத்துக்காக அமைத்தவை.

முதலாவது ஒரு கடையின் கடிதம்: “முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலமாகும். இக்காலத்தில் வேலை திருப்தியற்றதாயின் எந்நேரமும் அறிவித்தலின்றி நிறுத்தப்படுவீர். வேலையிலிருந்து விலக விரும்பின் ஒரு மாதம் முன்னர் அறிவிக்க வேண்டும்.”

இரண்டாவது ஒரு மருத்துவ நிலையத்தினுடையது: “ஆறு மாதம் தகுதிகாண் காலம். நிர்வாகம் இதனை மேலும் ஆறு மாதம் வரை நீடிக்கலாம். இக்காலத்தில் இரு தரப்பினரும் 14 நாள் அறிவித்தலுடன் சேவையை முடிக்கலாம். எழுத்தில் உறுதிப்படுத்திய பின்னர் இரு தரப்புக்கும் ஒரு மாத அறிவித்தல் அல்லது அதற்கீடான சம்பளம்.”

மூன்றாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தம், சுருக்கமாக: ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் இரு தரப்புக்கும் ஒரு வாரம், உறுதிப்படுத்திய பின்னர் ஊழியர் விலகுவதானால் மூன்று மாதம், நிறுவனம் நிறுத்துவதானால் ஒரு மாதம், பாரதூரமான ஒழுங்கீனத்துக்கு அறிவித்தல் இல்லை.

அவசரக்காரர் நிரப்பும் அட்டவணை இது:

| கடிதம் | தகுதிகாண் காலம் | முன்னறிவித்தல் |
|---|---|---|
| கடை | 3 மாதம் | 1 மாதம் |
| மருத்துவ நிலையம் | 6 மாதம் | 1 மாதம் |
| மென்பொருள் நிறுவனம் | 6 மாதம் | 3 மாதம் |

ஒவ்வொரு எண்ணும் கடிதத்தில் உள்ளதுதான். ஆனால் இதைப் பார்ப்பவர், வேலை போனால் அதிக அவகாசம் கிடைப்பது மென்பொருள் நிறுவனத்தில் என்று முடிவு கட்டுவார். அந்த மூன்று மாதம் ஊழியரைக் கட்டும் காலம். அவருக்குக் கிடைப்பது ஒரு மாதம் மட்டுமே. கடையின் “1 மாதம்” என்பதும் ஊழியர் கடைக்குக் கொடுக்கவேண்டிய அறிவித்தல். தகுதிகாண் காலத்துக்குப் பின் கடை ஊழியருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒரே நிரலில் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

கேள்வியை முழுதாகக் கேட்டல்

முன்னறிவித்தல் காலத்தை ஒப்பந்தத்தின் நீளம் அகலம் போன்ற ஒரு பண்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறின் வேர். யார் முடிக்கிறார், எந்தக் கட்டத்தில் முடிக்கிறார், எந்தக் காரணத்துக்காக முடிக்கிறார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. காரணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, முதல் இரண்டையும் மட்டும் பிரித்தாலே ஒவ்வொரு கடிதத்துக்கும் நான்கு பெட்டிகள் வேண்டும்.

| கடிதம் | தகுதிகாண் காலத்தில் நிறுவனம் | தகுதிகாண் காலத்தில் ஊழியர் | உறுதிப்படுத்திய பின் நிறுவனம் | உறுதிப்படுத்திய பின் ஊழியர் |
|---|---|---|---|---|
| கடை | தேவையில்லை | 1 மாதம் (கட்டம் கூறவில்லை) | கூறவில்லை | 1 மாதம் (கட்டம் கூறவில்லை) |
| மருத்துவ நிலையம் | 14 நாள் | 14 நாள் | 1 மாதம் | 1 மாதம் |
| மென்பொருள் நிறுவனம் | 1 வாரம் | 1 வாரம் | 1 மாதம் | 3 மாதம் |

இப்போது கடிதங்களின் சாயல் தெரிகிறது. மருத்துவ நிலையக் கடிதம் இரு பக்கமும் சமம். மென்பொருள் ஒப்பந்தம் உறுதிப்படுத்தும் வரை சமமாக இருந்து, பின்னர் பாரத்தை ஊழியர் பக்கம் சாய்க்கிறது. கடைக் கடிதத்தில் ஊழியரின் கடமை எழுதப்பட்டிருக்கிறது, கடையின் கடமை எழுதப்படவில்லை.

தகுதிகாண் காலத்துக்கும் ஒரு எண் போதாது. தொடக்கக் காலம், நீடிக்கக்கூடிய உச்சம், முடியும் விதம் என்று மூன்று நிரல் வேண்டும். மருத்துவ நிலையத்தின் “6 மாதம்” உண்மையில் 6 முதல் 12 மாதம். அது தானாக முடிவதும் இல்லை. எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஓராண்டு கடந்தும் உறுதிப்படுத்தல் கடிதம் வராத ஒருவர் எந்தப் பெட்டியில் நிற்கிறார் என்பது தகராறு வரும்போதுதான் கேள்வியாகும். முடியும் விதத்துக்கு ஒரு நிரல் இருந்தால் அந்தக் கேள்வி முதலே கண்ணில் படும். அரச சேவையோடு ஒப்பிட விரும்புபவருக்கும் இந்த நிரல்கள் உதவும். அங்கே புதிதாக நியமனம் பெறுபவருக்குத் தகுதிகாண் காலம் வழமையாக மூன்று ஆண்டு.

தலைப்பை நம்பக்கூடாது

மூன்றாவது பரிமாணமான காரணத்தைத் தேடப் போகும்போது வேறொரு சிக்கல் வரும். வேலையை முடிக்கும் ஏற்பாடுகள் எல்லாம் “சேவை முடிவுறுத்தல்” என்ற தலைப்பின் கீழ் ஒழுங்காக அடங்கி இருப்பதில்லை. இலங்கைக் கடிதங்களில் அடிக்கடி காணும் ஒரு வாசகம் லீவு பற்றிய பந்தியின் கடைசியில் ஒளிந்திருக்கும்: அறிவிக்காமல் இத்தனை நாள் வராதிருந்தால் தாமாகவே பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படுவார். ஊழியரின் பக்கத்தில் இது அறிவித்தல் எதுவுமின்றி வேலை போகும் வழி. ஆனால் அது இருப்பது லீவுப் பந்தியில். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டாமல் விலக முடியாது என்பது பயிற்சிப் பந்தியில் இருக்கும். ஓய்வு வயது சேமலாப நிதியைப் பற்றிய பந்தியோடு வரும்.

ஆகவே தலைப்பைப் பார்த்துத் தேடுபவர் இவற்றைத் தவறவிடுவார், தவறவிட்டது அவருக்குத் தெரியவும் மாட்டாது. தவறவிட்டதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் பத்துக் கடிதங்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து, வேலை முடியும் வழிகள் அத்தனையையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு மீதிக் கடிதங்களில் அந்தப் பட்டியலை வைத்துத் தேடலாம். இடையிடையே ஒரு கடிதத்தை மறுபடி முழுதாக வாசித்து, பட்டியலில் இல்லாத வழி ஏதும் புதிதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பட்டியல் ஓரளவு நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கடிதம் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் ஒரு தாள் அல்ல. நியமனக் கடிதம், தகுதிகாண் காலத்தை நீடித்த கடிதம், உறுதிப்படுத்திய கடிதம், ஊழியர் கைந்நூல் என்று ஒரு கோவையே இருக்கும். ஒப்பந்தம் “கைந்நூலின்படி” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், கைந்நூல் கையில் இல்லாமல் அந்தப் பெட்டியை நிரப்ப முடியாது. எனவே அட்டவணையில் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் மூல வாசகத்தை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்தப் பந்தி என்றும் எழுத வேண்டும். வாசகத்தை முதலில் எழுதி, மதிப்பை அதன் பிறகே எழுத வேண்டும். எதிர்த்திசையில் போனால், முதலில் மனதில் விழுந்த எண்ணுக்கு ஒத்துவரும் வாசகத்தைத்தான் கண் தேடும்.

அலகையும் மாற்றக்கூடாது. ஒரு மாதத்தை 30 நாள் என்று எழுதிவிட்டால் எல்லாவற்றையும் எளிதாக வரிசைப்படுத்தலாம் என்று தோன்றும். லீப் வருடமல்லாத ஆண்டொன்றில் ஜனவரி 31 அன்று அறிவித்தல் கொடுத்தவருக்கு, மறுநாளிலிருந்து எண்ணினால், ஒரு மாதம் பெப்ரவரி 28இல் முடியும். 30 நாள் மார்ச் 2இல் முடியும். இரண்டு நாள் என்பது சிறிய வித்தியாசம்தான். ஆனால் மாதச் சம்பளம் எந்த மாதத்தோடு நிற்கிறது என்பதை அது மாற்றிவிடும். வரிசைப்படுத்துவதற்கு நாட்கணக்கு வேண்டுமானால் அதற்குத் தனி நிரல் வைத்து, எழுத்தில் உள்ள அலகை அப்படியே விட்டுவிடலாம். கணினி விரிதாளில் “1-3” என்று எழுதினால் அது ஒரு திகதியாக மாறிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மரபணு ஆய்வாளர்கள் இதனால் பட்ட பாடு சிறிதல்ல. MARCH1, SEPT1 போன்ற மரபணுப் பெயர்கள் விரிதாளில் திகதிகளாக மாறி ஆய்வுத்தாள்களுக்குள் புகுந்ததால், 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள்.

வெற்றுப் பெட்டியில் என்ன இருக்கிறது

கடைக் கடிதத்தின் ஒரு பெட்டியில் “கூறவில்லை” என்றும் இன்னொன்றில் “தேவையில்லை” என்றும் எழுதினோம். இரண்டையும் வெறுமையாக விட்டிருந்தால் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். உண்மையில் ஒன்றில் கடை பேசியிருக்கிறது, மற்றதில் பேசாமல் இருந்திருக்கிறது.

இந்தச் சிக்கலைத் தரவுத்தள அறிவியல் நீண்டகாலமாக அறியும். ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கோட் 1970இல் தரவை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் மாதிரியை வெளியிட்டார். இன்று வங்கிக் கணக்கு முதல் வைத்தியசாலைப் பதிவு வரை பலவும் அந்த மாதிரியில்தான் நிற்கின்றன. இல்லாத மதிப்புக்கு ஒரேயொரு குறி போதாது என்ற முடிவுக்கு அவர் பின்னர் வந்தார். மதிப்பு உண்டு, ஆனால் நமக்குத் தெரியாது என்பது ஒன்று. இந்த இடத்துக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது என்பது வேறொன்று.

வேலை ஒப்பந்தங்களுக்கு நான்கு குறிகள் வேண்டும். ஆவணம் வாசிக்கப்பட்டது, இதுபற்றி அது பேசவில்லை: கூறவில்லை. அறிவித்தல் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது: தேவையில்லை. குறிப்பிட்ட ஆறு மாதத்துக்கு மட்டுமான ஒப்பந்தத்தில் உறுதிப்படுத்தல் என்ற கட்டமே கிடையாது: பொருந்தாது. கைந்நூலைப் பார் என்கிறது, கைந்நூல் கிடைக்கவில்லை: பார்க்கவில்லை. கடைசிக் குறி இருக்கும் வரை அட்டவணை முடியவில்லை. மற்ற மூன்றும் கண்டுபிடிப்புகள்.

“கூறவில்லை” என்ற பெட்டியின் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். உடுவிலிலிருந்து இலண்டனுக்குப் போன ஒருவரின் ஒப்பந்தம் பேசாமல் இருந்தாலும், பிரித்தானியாவின் 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டம் அந்த இடத்தை நிரப்பும். ஒரு மாதம் வேலை செய்தவருக்கு ஒரு வார அறிவித்தல். இரண்டு ஆண்டு முடிந்தால் ஆண்டுக்கு ஒரு வாரமாக, 12 வாரம் வரை. தமிழ்நாட்டில் கடையொன்றில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, 1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, நியாயமான காரணமும் ஒரு மாத அறிவித்தலோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. இலங்கைத் தனியார் துறை முழுவதற்கும் பொருந்தும்படியான இத்தகைய ஒற்றை அறிவித்தல் அளவு இல்லை. பெரும்பாலும் ஒப்பந்தம்தான் அதை நிர்ணயிக்கிறது. ஆகவே இங்கே மௌனம் கூடுதல் கனமானது.

அதேவேளை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், வேலை நிபந்தனைகளைத் தொழில்தருநர் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த விபரங்களில் தகுதிகாண் காலமும், அக்காலத்தில் எந்தச் சூழ்நிலையில் வேலை முடிக்கப்படலாம் என்பதும் அடங்கும். எனவே தகுதிகாண் நிரலில் “கூறவில்லை” என்று வந்தால் சட்டம் எழுதச் சொன்ன ஒன்று எழுதப்படாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தாளில் இல்லாத நிரல்

மருத்துவ நிலையக் கடிதம், உறுதிப்படுத்திய ஊழியரை ஒரு மாத அறிவித்தலுடன் நிறுத்தலாம் என்கிறது. அப்படியே நடக்குமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். 15 பேருக்குக் குறைவானோரை வைத்திருக்கும் இடங்களுக்கும், 12 மாதத்துள் 180 நாள் நிறையாத ஊழியருக்கும், அரசு தொழில்தருநராக இருக்கும் இடத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

இதனால் ஒரே “1 மாதம்”, எட்டுப் பேர் வேலை செய்யும் நிலையத்தில் ஒரு பொருளும், இருபது பேர் வேலை செய்யும் நிலையத்தில் வேறு பொருளும் கொள்கிறது. ஊழியர் எண்ணிக்கை எந்த நியமனக் கடிதத்திலும் எழுதப்படுவதில்லை. அதை வெளியே கேட்டறிந்து தனி நிரலில் போட வேண்டும். 180 நாள் என்ற வரம்பும் கவனிக்கத்தக்கது. சட்டம் நாளைத்தான் எண்ணுகிறது, உறுதிப்படுத்தல் கடிதத்தை அந்த வரம்பில் குறிப்பிடவில்லை. தகுதிகாண் காலம் 12 மாதம் வரை நீளக்கூடிய கடிதத்தில், ஒப்பந்தத்தின் எல்லையும் சட்டத்தின் எல்லையும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. தகுதிகாண் நிரலில் 180 நாளைக் கடக்கும் கடிதங்களுக்கு ஓர் அடையாளம் வைத்தால், சட்டத்தரணி முதலில் பார்க்கவேண்டியவை எவை என்று தெரியும்.

எழுத்தில் உள்ளதையும் சட்டம் சொல்வதையும் ஒரே பெட்டியில் கலப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. கலந்துவிட்டால் கடிதம் என்ன சொன்னது என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது. சட்டம் திருத்தப்படும் நாளில் முழு அட்டவணையும் பழுதாகிவிடும்.

இரண்டு பேர், ஐம்பது கடிதம்

பெட்டிகளைச் சரியாகப் பிரித்த பின்னரும், நிரப்பியவர் சரியாக வாசித்தாரா என்ற கேள்வி நிற்கும். அதைச் சோதிக்கும் வழி எளியது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் அதே கடிதங்களை வாசித்து நிரப்ப வேண்டும். பிறகு விடைகளை ஒப்பிட வேண்டும்.

“தகுதிகாண் காலத்தை நிறுவனம் நீடிக்கலாமா?” என்பது கேள்வி என்று வைப்போம். கடிதம் 50. இருவரும் “ஆம்” என்றவை 40, இருவரும் “இல்லை” என்றவை 2, முதல்வர் மட்டும் “ஆம்” என்றவை 4, இரண்டாமவர் மட்டும் “ஆம்” என்றவை 4. ஐம்பதில் 42, அதாவது 84 வீதம் உடன்பாடு. பார்த்தால் திருப்தியாக இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோகென் 1960இல் இந்தத் திருப்தியைக் கேள்விக்குள்ளாக்கும் ஓர் அளவையை முன்வைத்தார். இருவரும் தலா 44 தடவை “ஆம்” என்றிருக்கிறார்கள், அதாவது 88 வீதம். கடிதத்தை வாசிக்காமலே அதே வீதத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும், இருவரும் “ஆம்” என்று சேரும் வாய்ப்பு 0.88 × 0.88, “இல்லை” என்று சேரும் வாய்ப்பு 0.12 × 0.12. கூட்டினால் 0.789. வெறும் தற்செயலே ஏறத்தாழ 79 வீத உடன்பாட்டைத் தந்துவிடும். தற்செயலைத் தாண்டி எட்டக்கூடிய தூரம் 21 வீதம். இவர்கள் எட்டியது 5 வீதம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.24. கப்பா என்று பெயர்பெற்ற இந்த அளவையில் முழு உடன்பாடு 1, தற்செயல் 0. 84 வீதம் என்று பெருமையாகத் தெரிந்தது உண்மையில் பலவீனமான வாசிப்பு.

எண்ணைக் கண்டதும் செய்யவேண்டியது முரண்பட்ட எட்டுக் கடிதங்களையும் மேசையில் விரிப்பதுதான். காரணம் அநேகமாக ஒரே வாசகத்தில் இருக்கும். “ஆறு மாத முடிவில் திருப்திகரமாயின் உறுதிப்படுத்துவது பற்றிக் கவனிக்கப்படும்” என்பதை ஒருவர் நீடிப்புக்கு இடம்வைத்த வாசகமாக எடுத்திருப்பார். நீடிப்பு என்ற பேச்சே இல்லையே என்று மற்றவர் “இல்லை” போட்டிருப்பார். இருவரிடமும் பிழை இல்லை, பிழை கேள்வியில் இருக்கிறது. எட்டையும் வாக்கெடுத்துத் தீர்த்தால் மீதிக் கடிதங்களில் அதே குழப்பம் தொடரும். நீடிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டும் “ஆம்”, உறுதிப்படுத்தலைத் திறந்து விட்டால் “வரையறுக்கவில்லை” என்று விதியை எழுதி, ஐம்பதையும் இருவரும் புதிதாக வாசிக்க வேண்டும். இந்த விதிகள் சேர்ந்த குறிப்பேடு இல்லாமல் அட்டவணையை இன்னொருவரிடம் கொடுப்பதில் பயனில்லை.

நிரப்பி முடிந்த அட்டவணையில் சராசரி காண ஆசை வரும். ஒரு வாரம், ஒரு மாதம், “கூறவில்லை” ஆகியவற்றுக்குச் சராசரி கிடையாது. எத்தனை கடிதம் இரு தரப்புக்கும் சமமாக இருக்கிறது, எத்தனையில் ஊழியரின் காலம் நீளமானது, எத்தனையில் நிறுவனத்தின் பெட்டி பேசாமல் இருக்கிறது என்று எண்ணலாம். கடைக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றாவது எண்ணிக்கைதான் உடனே பயன்படும். “நான் விலகினால் ஒரு மாதம் என்று போட்டிருக்கிறீங்கள். நீங்கள் நிற்பாட்டினால் எனக்கு எவ்வளவு? அதையும் எழுதித் தாங்கோ” என்று கையெழுத்துக்கு முன்னர் அவர் கேட்கலாம்.